ஒரு நிமிட வழியனுப்பு

பணி நிறைவு விழாவில் திரையிடும் வீடியோவில் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். நிதானமாகப் பேசினால் அதற்குள் எண்பது, தொண்ணூறு சொற்கள் அடங்கும். அதனால் நினைவு ஒன்று போதும். நேரத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, நன்றியையும் வாழ்த்தையும் மிச்சத்தில் சொல்லிவிடலாம்.

"கடமை தவறாதவர், பழக இனியவர்" என்று எழுதினால் அது பக்கத்து மேசைக்காரருக்கும் பொருந்தும். ஓய்வு பெறுபவர் செய்து நாம் கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்களும் அங்கே போய் வேலை பார்த்தார்கள். அப்படிப் போன லைன்மேன் ஒருவர் ஓய்வு பெறுகிறார், பேசுபவர் அன்று அவருடன் போன இளையவர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதும்போது "இரவு பகல் பாராமல் உழைத்தோம்" என்றுதான் வரும். அதில் அவர் முகம் தெரியாது. அன்று அவர் என்ன சொன்னார், அவர் கை என்ன செய்தது என்று யோசித்தால் இப்படி மாறும்:

"அண்ணே, கஜா புயலப்போ லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னதும் நான் கம்பத்துல ஏறப் போனேன். பெல்ட்டப் பிடிச்சு இழுத்தீங்க. 'எர்த் ராடு போட்டியா? எந்த வீட்டுலயாவது ஜெனரேட்டர் ஓடினா அந்தக் கரண்ட் லைன்ல திரும்பி வரும்டா'ன்னீங்க. ராடை நீங்களே மாட்டின பிறகுதான் என்னை ஏற விட்டீங்க. இன்னைக்கு வரைக்கும் ராடு போடாம நான் ஏறினதில்ல. புதுசா வர்ற பசங்களுக்கும் அதையேதான் சொல்றேன். ரொம்ப நன்றிண்ணே. இனிமே மழை ராத்திரியில நிம்மதியா தூங்குங்க. நீங்களும் அண்ணியும் நல்லா இருக்கணும்."

எர்த் ராடு எதற்கென்று அவர் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜெனரேட்டர் பற்றி அவரே சொல்லும் வரி அதை விளக்கிவிடுகிறது; தனியாக விளக்கம் வேண்டாம். நன்றிக்கான காரணமும் நினைவிலேயே வந்துவிட்டதால் அது இரண்டு சொல்லில் முடிகிறது. வாழ்த்தும் மழை ராத்திரிகளில் வேலைக்கு ஓடியவருக்கே பொருந்துகிறது.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடைத்துவிடுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது திரையில் அப்படியே தெரியும். வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. போனைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், கை எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் இரைச்சல் மண்டப ஸ்பீக்கரில் பேச்சை விழுங்கிவிடும்.