‘வந்தால்’, ‘வந்தான் என்றால்’, ‘வந்திருந்தால்’

தமிழில் ஒரு நிபந்தனையைச் சொல்ல முதலில் கைக்கு வருவது ‘ஆல்’ என்னும் விகுதி. வந்தால், படித்தால், சொன்னால், போனால் என்று அது வினையின் இறந்தகால வடிவத்தின் மேல் ஏறி நிற்கும். வடிவம் இறந்தகாலத்துக்குரியது என்றாலும் பொருள் இறந்தகாலம் அல்ல. ‘நாளை மழை பெய்தால் ஆட்டம் நடக்காது’ என்பதில் மழை இன்னும் பெய்யவில்லை. பழைய தமிழில் இந்த வேலையைச் செய்தது வரின், பெய்யின், செய்யின் என்னும் வடிவம். தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது அதைச் ‘செயின்’ என்று குறிக்கின்றன. ‘தேவைப்படின்’, ‘பணம் செலுத்தத் தவறின்’ என்று அறிவிப்புகளிலும் ஒப்பந்தங்களிலும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

‘வந்தால்’ என்னும் சொல் தனியாக எந்தக் காலத்தையும் காட்டாது. காலத்தைத் தீர்மானிப்பது வாக்கியத்தின் பின்பாதி. ‘மழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும்’ என்பது எப்போதும் நடப்பது. ‘இன்று இரவு மழை பெய்தால் நான் வரமாட்டேன்’ என்பது ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றியது. ‘அந்தக் காலத்தில் தாத்தா ஊருக்குப் போனால் எங்களுக்குப் பனங்கற்கண்டு வாங்கி வருவார்’ என்பதில் பழைய வழக்கம் ஒன்று சொல்லப்படுகிறது. மூன்றிலும் முன்பாதியின் வடிவம் ஒன்றே. இம்மூன்று இடங்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் தொடங்குவது, நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றி நிபந்தனை போடும்போதுதான்.

நடந்துமுடிந்ததைப் பற்றிப் பேசுகிறவர் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார். அது நடந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நடந்ததாக வேறொருவர் சொல்ல, அதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டு அவர் மேலே பேசலாம். அல்லது நடக்கவில்லை என்று தெரிந்தே, நடந்ததாகக் கற்பனை செய்யலாம். எந்த வடிவத்தை எடுப்பது என்பதை முடிவு செய்வது இந்த அறிவு நிலைதான்.

நடக்காததைக் கற்பனை செய்ய உதவும் வடிவம் ‘வந்திருந்தால்’. வந்து, செய்து, சொல்லி, போய் என்னும் எச்சத்தோடு ‘இருந்தால்’ சேரும்: வந்திருந்தால், செய்திருந்தால், சொல்லியிருந்தால், போயிருந்தால். பின்பாதியிலும் அதே ‘இரு’ வந்தாக வேண்டும்: பார்த்திருப்பேன், கிடைத்திருக்கும், நடந்திருக்காது. ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.’ சொல்லவும் இல்லை, வரவும் இல்லை என்னும் இரண்டு செய்திகள் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பேச்சில் ‘நீ சொன்னா நான் வந்திருப்பேனே’ என்று முன்பாதியைச் சுருக்குவது உண்டு. குரலும் சூழலும் கூடவே இருப்பதால் அங்கே பொருள் கெடாது. எழுத்தில் அந்தத் துணை இல்லை. இரு பாதிகளிலும் ‘இரு’ இருப்பதே நல்லது.

நிகழ்காலக் கற்பனைக்குத் தமிழ் தனி வடிவம் வைத்துக்கொள்ளவில்லை. ‘எனக்குச் சிறகு இருந்தால் பறந்து வருவேன்’ என்பதிலும் ‘சட்டைப் பையில் சில்லறை இருந்தால் தருவேன்’ என்பதிலும் ஒரே ‘இருந்தால்’தான். முன்னது நடக்காதது என்பதை உலக அறிவு சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்லாத இடங்களில் தமிழர்கள் இயல்பாகவே கடந்தகாலக் கற்பனையின் வடிவத்தைக் கடன் வாங்குகிறார்கள். ‘அப்பா இப்போது இருந்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்’ என்பதில் ‘இப்போது’ என்னும் சொல்லும் ‘இருந்திருந்தால்’ என்னும் வடிவமும் முரண்படுவதில்லை. அப்பா இல்லை என்பதைத்தான் அந்த வடிவம் சொல்கிறது. காலத்தைச் சொல்ல ‘இப்போது’ இருக்கிறது.

இதுவரை வழி நேராக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ‘வந்திருந்தால்’ என்பது கற்பனைக்கு மட்டுமே உரிய வடிவம் அல்ல. தெரியாததைப் பற்றி ஊகிக்கும்போதும் அதுவே வரும். ‘அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்’ என்று சொல்கிறவர் எதையும் கற்பனை செய்யவில்லை, ஊகிக்கிறார். அதே ‘இருப்பார்’தான் கற்பனை வாக்கியத்தின் பின்பாதியிலும் வருகிறது. அதனால் சில வாக்கியங்கள் இரண்டு பொருளுக்கும் இடம் தருகின்றன. ‘பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் மதுரைக்கு வந்திருக்கும்.’ நிலையத்தில் காத்திருப்பவர் சொன்னால் இது ஊகம்: எப்போது கிளம்பியது என்று தெரியாது, ஐந்து என்று வைத்துக்கொண்டால் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தாமதமாகக் கிளம்பிய பஸ்ஸில் பாதி வழியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் இது குறை. எழுத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்தக் குழப்பம் எங்கே தீங்காகும் என்பதை ஒரு விபத்துச் செய்தியை வைத்துப் பார்க்கலாம். வளைவு ஒன்றில் லாரி கவிழ்ந்துவிட்டது. ஓட்டுநர் பிரேக் பிடித்தாரா என்பது இன்னும் தெரியவில்லை. இப்போது இரண்டு வாக்கியங்கள்:

‘ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால் சாலையில் டயர் தேய்ந்த தடம் இருக்கும்.’

‘ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால் லாரி கவிழ்ந்திருக்காது.’

முன்பாதிகளில் வேறுபாடே இல்லை. ஆனால் முதல் வாக்கியம் விசாரிக்கிறவரின் வாக்கியம். தடம் ‘இருக்கும்’ என்று அது நிகழ்காலத்தில் முடிகிறது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை பிடித்தாரா இல்லையா என்பது திறந்தே கிடக்கிறது. இரண்டாவது வாக்கியம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. லாரி கவிழ்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘கவிழ்ந்திருக்காது’ என்னும் பின்பாதி அந்த உண்மைக்கு நேர் எதிராக நிற்பதால், முன்பாதியும் பொய்யாகிறது: ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை. ‘பிடிக்கவில்லை’ என்று எங்கும் எழுதாமலே பழி அவர் மேல் விழுந்துவிடுகிறது. விசாரணை முடியாத நிலையில் ஒரு செய்தியாளர் இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிடுகிறார். அவர் அப்படிச் சொல்ல எண்ணாமல் இருக்கலாம், ஆனால் வாசிக்கிறவருக்கு அப்படித்தான் போய்ச் சேரும்.

தடத்தைப் பற்றிய வாக்கியத்திலேயே ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். ‘பிடித்திருந்தால் தடம் இருந்திருக்கும்.’ ‘இருக்கும்’ என்பது ‘இருந்திருக்கும்’ ஆனதும் பேசுகிறவர் சாலையைப் பார்த்துவிட்டார், தடம் இல்லை என்று கண்டார் என்றே பெரும்பாலும் புரியும். ஆகவே ஊகமா கற்பனையா என்னும் ஐயம் எழுந்தால் பார்க்க வேண்டிய இடம் பின்பாதி. விளைவு இப்போதும் சரிபார்க்கக்கூடிய ஒன்று என்றால் அதை இருக்கும், தெரியும், கிடைக்கும் என்று எழுதுவது கதவைத் திறந்து வைக்கும். விளைவும் கைவிட்டுப் போனது என்றால் இருந்திருக்கும், தெரிந்திருக்கும், கிடைத்திருக்கும்.

மூன்றாவது நிலை, பிறர் சொன்னதை ஏற்றுக்கொண்டு பேசுவது. அதற்கு உரியது ‘என்றால்’. காலம் காட்டும் முற்றுவினையை அப்படியே முன்னால் வைத்துக்கொள்ளும் வசதி இதற்கு உண்டு: வந்தான் என்றால், வருகிறான் என்றால், வருவான் என்றால். ‘ஆல்’ விகுதிக்கு இல்லாத காலத் தெளிவு இங்கே கிடைத்துவிடுகிறது. ‘ஓட்டுநர் பிரேக் பிடித்தார் என்றால் தடம் ஏன் இல்லை?’ இங்கே கேட்கிறவர் ஓட்டுநரின் கூற்றை ஒரு கணம் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். பிடித்தார் என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பேச்சுத் தமிழின் ‘வந்தீங்கன்னா’, யாழ்ப்பாணத் தமிழின் ‘எண்டால்’ இரண்டும் இதிலிருந்து வந்தவையே. பேச்சில் ‘வந்தீங்கன்னா’ என்பது வெறும் ‘வந்தால்’ என்னும் பொருளுக்கும் நீண்டுவிட்டது; எழுத்துத் தமிழில் வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொள்வது பயனுள்ளது. மேலே வந்த பஸ் வாக்கியத்தையும் இதைக் கொண்டே தெளிவாக்கலாம்: ‘ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது என்றால் இந்நேரம் மதுரைக்கு வந்திருக்கும்.’ குறைசொல்லும் பொருளுக்கு இனி இடமில்லை.

எதிர்ப்பக்கம் சாய்க்கவும் தமிழிடம் சொற்கள் உண்டு. ‘மட்டும்’ என்பது அவற்றுள் வலுவானது. ‘நீ மட்டும் அன்று வந்திருந்தால்’ என்று தொடங்கிய உடனேயே, வரவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். பின்பாதியின் கடைசியில் ‘ஏ’ சேர்வதும் அப்படித்தான்: ‘இந்நேரம் வந்திருக்குமே!’ மாறாக, ‘ஒருவேளை’ என்பது வாக்கியத்தைத் தெரியாமையின் பக்கம் தள்ளும்: ‘ஒருவேளை அவர் நேற்றே வந்திருந்தால் அறைச் சாவி அவரிடம் இருக்கும்.’

ஆனாலும் ‘இருந்திருந்தால்’ வந்துவிட்டால் நடக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. மருத்துவர் ஒருவர் நோயாளியைச் சோதித்துவிட்டு, ‘பாம்பு கடித்திருந்தால் சரியாக இதே அறிகுறிகள்தான் தோன்றியிருக்கும்’ என்கிறார். வடிவம் கற்பனைக்குரியது, அவர் சொல்ல வருவதோ பாம்பு கடித்திருக்கக் கூடும் என்பது. லாரி வாக்கியத்தில் பின்பாதி உண்மைக்கு எதிராக நின்றது, இங்கே பின்பாதி கண்ணெதிரே உள்ள உண்மையோடு பொருந்துகிறது. அதனால்தான் முன்பாதி பொய்யாகவில்லை. வடிவம் சாய்வைத்தான் தருகிறது. முடிவைத் தருவது, பின்பாதி நடப்போடு ஒத்துப்போகிறதா மோதுகிறதா என்பது.

எதிர்மறையில் பிழை இன்னும் எளிதாக நுழைகிறது, ஏனென்றால் அங்கே வடிவங்கள் நீளமானவை. நடக்கப் போவதற்கு ‘கொடுக்காவிட்டால்’ போதும்: ‘மருந்து கொடுக்காவிட்டால் காய்ச்சல் கூடும்.’ நடந்ததை மாற்றிக் கற்பனை செய்ய ‘கொடுக்காமல் இருந்திருந்தால்’ அல்லது ‘கொடுத்திருக்காவிட்டால்’ வேண்டும்: ‘மருந்து கொடுத்திருக்காவிட்டால் காய்ச்சல் கூடியிருக்கும்.’ மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் கூடவில்லை என்பது இதன் பொருள். நீளத்துக்கு அஞ்சி முன்பாதியை மட்டும் சுருக்கி, ‘மருந்து கொடுக்காவிட்டால் காய்ச்சல் கூடியிருக்கும்’ என்று எழுதுகிறவர்கள் பலர். அப்போது, கொடுத்தார்களா இல்லையா என்று தெரியாத ஒருவர் காய்ச்சலை ஊகிப்பதாகவும் அதைப் படிக்கலாம். உண்மையிலேயே தெரியாது என்றால் ‘மருந்து கொடுக்கவில்லை என்றால் காய்ச்சல் கூடியிருக்கும்’ என்பதே நேரான வாக்கியம். கொடுத்தது தெரியும் என்றால் ‘கொடுத்திருக்காவிட்டால்’ என்பதை முழுமையாகவே எழுத வேண்டும்.