கொடுத்த வாடகை எப்படிச் சொத்தாகும்?

அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கைப் பார்த்த சகோதரர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "தையல் பயிற்சி மையத்துக்கு வாடகை 96,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. கணக்கில் செலவு 24,000 என்றுதானே இருக்கிறது? மீதி 72,000 சொத்துப் பக்கத்தில் நிற்கிறதே, அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது?" கேட்க வேண்டிய கேள்விதான். பொதுப்பணம் அல்லவா!

பணம் நம்மிடம் இல்லை. கட்டட உரிமையாளரிடம் போய்விட்டது. ஆனால் அதற்குரிய ஒன்பது மாதம் நமக்கு இன்னும் வர வேண்டியிருந்தது.

மாதம் 8,000 வீதம் ஒரு வருட வாடகையை ஜனவரி 1 அன்று மொத்தமாகக் கொடுத்தோம். நம் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதுவரை அனுபவித்தது மூன்று மாதம்தான்.

பணம் கைமாறும் நாளில் மட்டும் எழுதுவது ரொக்க முறை. வீட்டுச் செலவு நோட்டும் சிறு கடைகளின் கல்லாக் கணக்கும் இப்படித்தான். எழுதுவது எளிது, கையிருப்போடு சரிபார்ப்பதும் எளிது. ஆனால் இதில் 96,000 முழுவதும் முதல் ஆண்டின் செலவாகிவிடும். முதல் அணியில் பயின்ற பெண்கள் 20 பேர் என்றால், மூன்று மாதப் பயிற்சிக்கு ஆளுக்கு 4,800 ரூபாய் வாடகை ஆனதுபோல் தெரியும். உண்மையில் ஆனது 1,200. அடுத்த ஏப்ரல் முதல் டிசம்பர் வரையோ மையம் வாடகையே இல்லாமல் நடந்ததாகக் கணக்கு சொல்லும். இதைப் பார்த்து மையத்தை மூடுவதா, நடத்துவதா என்று முடிவெடுக்க முடியுமா?

ஆடிட்டர்கள் 'மெர்கன்டைல்' அல்லது 'அக்ரூவல்' என்று சொல்லும் முறையில், எந்தக் காலத்துக்குரியதோ அந்தக் காலத்தில் எழுத வேண்டும். வருமானத்துக்கும் இதே விதிதான். நம் கடையின் மார்ச் வாடகை ஏப்ரல் 5இல் கைக்கு வந்தாலும் அது மார்ச் வருமானமே.

மார்ச் 31 அன்று செய்த திருத்தம் ஒரே ஒரு பதிவுதான். 'முன்கூட்டிச் செலுத்திய வாடகை' கணக்கில் 72,000 பற்று, வாடகைக் கணக்கில் 72,000 வரவு. புது ஆண்டின் முதல் நாளில் இதையே திருப்பி எழுதினால் 72,000 அந்த ஆண்டின் செலவாகிவிடும். பலரும் மறப்பது இந்த இரண்டாவது பதிவைத்தான். மறந்தால் அந்த ஆண்டின் செலவு குறைந்து தெரியும், தீர்ந்துபோன வாடகை சொத்தாகவே நின்றுகொண்டிருக்கும். வாடகை ரசீதில் 'எந்த மாதம் வரை' என்று இருப்பதைப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

நம் ஊரில் 'அட்வான்ஸ்' என்று சொல்வது வேறு. அது காலி செய்யும்போது திரும்பி வரும் வைப்புத்தொகை. மாதா மாதம் கரைவதில்லை, ஆகவே தனித் தலைப்பில்தான் வரும். இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால், நாளை காலி செய்யும்போது எவ்வளவு திரும்பக் கேட்பது என்பதே தெரியாமல் போய்விடும்.