டீ குடித்தால் உடம்பு வற்றுமா?

"டீ, காபியெல்லாம் தண்ணீர்க் கணக்கில் வராது, குடித்ததைவிட அதிகமாகச் சிறுநீரில் போய்விடும்." வெயில் காலம் வந்தால் இந்த அறிவுரை எல்லா வீடுகளிலும் ஒலிக்கும். இதில் பாதிதான் உண்மை.

காஃபீன் சிறுநீரைக் கூட்டும் என்பது சரிதான். சிறுநீரகம் உப்பை உடம்புக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அது கொஞ்சம் தடுக்கிறது. வெளியேறும் உப்போடு தண்ணீரும் போகிறது. 1928இல் எடியும் டவுன்ஸும் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அதில் பங்கேற்றவர்கள் மூன்றே பேர்! தொடர்ந்து காஃபீன் எடுத்துக்கொள்பவருக்கு இந்த விளைவு மங்கிவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஊர் வாயில் தங்கியதோ முதல் பாதி மட்டும்.

இதை ஒழுங்காகச் சோதித்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். 2014இல் அதன் முடிவு வெளியானது. தினமும் காபி குடித்துப் பழகிய 50 ஆண்கள் மூன்று நாள் நான்கு கோப்பை காபி குடித்தார்கள். ஒவ்வொன்றும் 200 மி.லி. இன்னொரு மூன்று நாள் அதே அளவு வெறும் தண்ணீர். உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கனநீர் கொண்டு அளந்தார்கள். அளந்து கொடுத்த சிறிதளவு கனநீர் உடம்பு முழுக்கக் கலந்தபின் எந்த அளவு நீர்த்துப் போகிறது என்று பார்த்தால் மொத்த நீரின் அளவு தெரிந்துவிடும். கூடவே 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்த்து அளந்தார்கள், ரத்தத்தையும் சோதித்தார்கள். காபி நாள்களுக்கும் தண்ணீர் நாள்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

டீயில் காஃபீன் இன்னும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம். அதே அளவு டீயில் 30 முதல் 65. நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்தக் கழகம்.

அளவு மீறினால் கதை மாறும். உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் காஃபீனை ஒரே வேளையில் கொடுத்தபோது சிறுநீர் கூடியது. 3 மில்லிகிராமில் கூடவில்லை. 60 கிலோ எடையுள்ளவர் அந்த அளவை எட்ட, மூன்று நான்கு கோப்பை ஃபில்டர் காபியை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். காபியே பழகாதவருக்கும் விளைவு சற்றுக் கூடுதலாகத் தெரியலாம்.

உண்மையான சிக்கல் டீக்கடைக் கிளாஸில் இருக்கிறது. கட்டட வேலை செய்பவர் ஐந்து டீ குடித்தார் என்று வையுங்கள். கிளாஸுக்கு 90 மி.லி. என்றால் மொத்தம் 450 மி.லி. அத்தனையும் கணக்கில் வரும். ஆனால் மே மாத வெயிலில் அது எந்த மூலைக்கு? வியர்வையில் போவது மணிக்கு ஒரு லிட்டரைக்கூடத் தொடலாம். டீயைக் குறை சொல்ல வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள்.