கடைசியில் நிற்பவர் யார்?

கி.பி. 67-இல் ரோமானியப் படை யோதபாத்தா நகரைப் பிடித்தது. யூதத் தளபதி ஜோசப்பஸ் 40 பேருடன் ஒரு குகையில் ஒளிந்துகொண்டார். சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கி ஒருவரையொருவர் கொன்றதாகவும், கடைசியில் தானும் இன்னொருவரும் மிஞ்சியதாகவும் ஜோசப்பஸே எழுதியிருக்கிறார். வட்டமாக நின்று மூன்றாம் ஆளை வெளியேற்றும் கணக்கு, பிற்காலத்தவர் இந்தக் கதைமேல் ஏற்றியது.

ஏழு பேரை வைத்துச் செய்து பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி மூன்றாமவரை நீக்க வேண்டும். அடுத்தவரிலிருந்து மீண்டும் எண்ண வேண்டும். 3, 6, 2, 7, 5, 1 என்று ஒவ்வொருவராகப் போக, 4 மிஞ்சுகிறார். இதையே பைதானில் ஒரு பட்டியலை வைத்துச் செய்யலாம்:

```
p = list(range(1, 8))
i = 0
while p:
    i = (i + 2) % len(p)
    print(p.pop(i))
```

மூன்றாமவரை நீக்கும்போது ஏன் 2-ஐக் கூட்டுகிறோம்? ஒருவரை எடுத்ததும் பின்னால் நிற்பவர்கள் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் `i` ஏற்கெனவே அடுத்தவரைக் காட்டுகிறது, அவரே 'ஒன்று'. இங்கே 3 என்று எழுதிவிட்டால் முதலில் 4 வெளியேறுவார். பிழையை அதை வைத்தே பிடித்துவிடலாம்.

அந்த நகர்வில்தான் நேரமும் போகிறது. பத்து லட்சம் பேர் என்றால் மொத்தம் சுமார் 25,000 கோடி நகர்வுகள்.

பட்டியலே வேண்டாத வழியும் உண்டு. ஏழு பேருக்கு 0 முதல் எண் கொடுங்கள். மூன்றாமவர் போனதும் ஆறு பேர் இருக்கிறார்கள், எண்ணிக்கை 3 என்ற எண் உள்ளவரிடம் தொடங்குகிறது. அவரைப் புதிய 0 ஆக்கினால், இது ஆறு பேருக்கான அதே ஆட்டம். அதில் தப்புபவரின் எண் தெரிந்தால் 3-ஐக் கூட்டி, 7-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் பழைய எண் கிடைத்துவிடும். ஆறு பேருக்கான விடை ஐந்து பேரிலிருந்து வரும், இப்படியே ஒருவர் வரை போகலாம். ஒருவர் மட்டும் இருந்தால் விடை 0.

```
r = 0
for m in range(2, 8):
    r = (r + 3) % m
print(r + 1)
```

`r` 0-இல் தொடங்கி 1, 1, 0, 3, 0, 3 என்று போகிறது. கடைசி 3-உடன் ஒன்றைக் கூட்டினால் அதே 4. பத்து லட்சம் பேருக்கும் ஏறக்குறைய பத்து லட்சம் படிகள்தான். 41 பேர் என்றால் விடை 31.

ஆனால் இது மிஞ்சுபவரை மட்டுமே சொல்லும், யாருக்குப் பின் யார் போனார் என்று சொல்லாது. முழு வரிசை வேண்டுமென்றால் பட்டியலே நேரான வழி. குறிப்பிட்ட ஒருவர் மட்டும் வேண்டுமென்றால் தொடக்கத்தை மாற்றினால் போதும். கடைசிக்கு முந்தியவரைத் தேட, இருவர் நிற்கும் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே மூன்று எண்ணினால் முதலில் நின்றவரே வெளியேறுகிறார், அதாவது 0. அதிலிருந்து 41 வரை ஏறினால் 15 வரும், ஒன்றைக் கூட்டினால் 16. ஜோசப்பஸ் 31-இல் நின்றிருந்தால், அவருடன் மிஞ்சிய அந்த இன்னொருவரின் இடம் அதுதான்.