‘பல்வேறு பாடகர்கள்’: ஒரு வள்ளிப் பாட்டின் குரல் யாருடையது?

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் இன்றும் விலைக்குக் கிடைக்கும் பழைய திரைப்பாடல் தொகுப்புகளில், பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பல்வேறு பாடகர்கள்’ என்றே அச்சிடப்பட்டிருக்கும். கேட்பவருக்கு இதனால் குறையொன்றுமில்லை. ஆயினும் அத்தகைய தட்டொன்றைச் சான்றாகக் கொண்டு மாணவர் ஆய்வேடு எழுதும்போது, ஒருவர் பாடிய பாட்டு மற்றொருவர் பெயரில் ஏறிவிடுகிறது. 1945ஆம் ஆண்டில் வெளிவந்த ஏவி.எம்மின் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் வள்ளி பாடுவதாக அமைந்த பாட்டொன்று இவ்வாறான தொகுப்பில் இருந்தால், அதன் உண்மைக் குரலை எவ்வாறு காண்பது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இப்படத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம் தம் பாடல்களைத் தாமே பாடினார். அவர் பகுதியில் சிக்கலில்லை. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. அவரும் முதலில் தாமே பாடியிருந்தார். அப்பாட்டு மெய்யப்பருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, பி. ஏ. பெரியநாயகியைப் பாடச்செய்து, அக்குரலைப் படத்தில் சேர்த்தார். ஆக, ஒரு முகத்துக்கு இரு குரல்கள் உள்ளன.

தோட்டப்புறங்களில் படம் பார்த்து வளர்ந்த முதியோரைக் கேட்டால், ‘அது ருக்மிணி பாட்டு’ என்பர். அவர்கள் நினைவில் தவறில்லை. திரையில் வாயசைத்தவரையே நினைவு பற்றிக்கொள்கிறது. ஆனால், பாடகரை அறிய அது சான்றாகாது.

இசைத்தட்டின் ஒட்டுச்சீட்டையாவது நம்பலாமா எனில், அதற்கும் எல்லையுண்டு. 1949இல் வந்த ‘மகல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டின் தட்டில் ‘காமினி’ என்றே அச்சிடப்பட்டது. காமினி கதைமாந்தர் பெயர், நடித்தவர் மதுபாலா, பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலி நேயர்கள் பாடியவர் யாரென்று கேட்டுக் கேட்டே அப்பெயர் வெளிவந்தது. ஆகவே, ஒட்டுச்சீட்டைக் காட்டிலும் அதன் அருகே மெழுகில் பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண்ணே உறுதியானது. அது பதிவுக்கு உரிய எண். விற்பனைப் பெயர் மாறினாலும் அது மாறாது. இரு தட்டுகளில் அவ்வெண் ஒன்றாயின் பதிவும் ஒன்றே.

தொகுப்புக் குறுந்தட்டில் அவ்வெண் இராது. அங்கே செய்யத்தக்கது, தடத்தைப் படத்தின் பாட்டோடு ஒருசேர ஓடவிட்டு ஒப்பிடுதல். இவ்விடத்தில்தான் பலர் வழுக்குகின்றனர். படச்சுருள் வினாடிக்கு 24 கட்டங்களாக ஓடும். நம் நாட்டில் வழங்கிய பால் முறை ஒளிநாடாவுக்கு அதை மாற்றும்போது பெரும்பாலும் 25 கட்டங்களாக ஓட்டிவிடுவர். அதனால் 3 நிமிடப் பாட்டு ஏறத்தாழ 7 வினாடி குறைகிறது. சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது. குரல் மெலிந்து, இளம்பெண் குரல்போல் ஒலிக்கும். இதைக் கேட்டு, ‘இது வேறு பாடகி’ என்று முடிவுசெய்வது எளிது. 78 சுற்றுத் தட்டை 80 சுற்றில் ஓட்டிப் படியெடுத்திருந்தாலும் இதே மயக்கம், அளவில் சிறிதாக, நேரும்.

தெளிவதற்கு வழி நேரளவும் சுருதியும் ஒரே விகிதத்தில் மாறியுள்ளனவா என்று பார்ப்பதாகும். கணினியில் ஒரு படியின் வேகத்தை மட்டும் அவ்விகிதத்தால் திருத்தியபின், இரண்டும் முதல் எழுத்து முதல் கடைசிக் கார்வை வரை பிரியாது ஓடினால் அவை ஒரே பதிவு. பாடகர் ஒருவரே ஆயினும் மறுமுறை பாடும்போது மூச்சு விடும் இடமும் கமகத்தின் நீளமும் சற்றே வேறுபடும். ஓரிரு அடிகளுக்குள்ளாகவே இரண்டும் விலகிவிடும்.

ஒத்துப்போனால் முடிவு பெரியநாயகி என்று சொல்லிவிடலாமா? ஒப்பிட்ட படப்படி குரல் மாற்றிய படியாக இருந்தால் மட்டுமே சொல்லலாம். ஆகவே அப்படியையும் சோதிக்க வேண்டும். பெரியநாயகி தாமே நடித்துப் பாடிய பிற படங்கள் உள்ளன; அவற்றிலுள்ள அவர் குரலை, வேகம் திருத்தியபின், இதனோடு வைத்துக் கேட்கலாம். மெல்லின எழுத்துகளை அவர் ஒலிக்கும் முறையும், மேல்நிலை சட்ஜத்தை அணுகும் முறையும் கவனிக்கத்தக்கவை. இதே படத்தில் ருக்மிணி பேசும் உரையாடலை ஒப்புநோக்குவது அத்துணைப் பயன்தராது என்பது என் கருத்து. பேச்சுக்குரலைக் கொண்டு பாட்டுக்குரலை அளக்க இயலாது.

ஒத்துப்போகாவிட்டால், அது இசைத்தட்டுக்கெனத் தனியே பாடிய பதிவாக இருக்கலாம். அகற்றப்பட்ட ருக்மிணியின் பாட்டாகவும் இருக்கலாம். அந்நிலையில் மூலத் தட்டைத் தேடி மேட்ரிக்ஸ் எண்ணைப் படித்தாக வேண்டும். அதுவரை ஆய்வேட்டில் ‘வள்ளி வேடத்துக்குரிய குரல்’ என்று குறிப்பிடுவதே முறையாகும். நடிகையின் பெயரைப் பாடகர் நிரலில் இடலாகாது.