பிறர் உருவாக்கிய அளவுகோல்: அனுமதி, மேற்கோள், மதிப்பெண் விதி

மருந்தை நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மன அழுத்தம் எவ்வளவு, பார்வைக் குறைவு அன்றாட வேலையை எந்த அளவு பாதிக்கிறது என்பவற்றை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வினாத்தாளே அளவுகோல். அதன் கேள்விகள் எழுத்துப் படைப்பு; இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அவற்றுக்கும் பொருந்தும். பிரதி எடுப்பதும், வெளியிடுவதும், மொழிபெயர்ப்பதும் உரிமையாளருக்கே உரியவை. ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் கையாளப் பிரிவு 52 இடம் தருகிறது. ஆனால் முழு அளவுகோலையும் தமிழாக்கி நூற்றுக்கணக்கானோருக்குக் கொடுப்பதும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிடுவதும் அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இதில் பலர் சிக்கிய இடம் மொரிஸ்கி மருந்து ஒழுங்கு அளவுகோல். அமெரிக்கரான டொனால்ட் மொரிஸ்கியின் இந்த எட்டுக் கேள்வி வடிவம் 2008இல் வெளியானது. நீரிழிவு, ரத்த அழுத்தம் பற்றிய ஆய்வுகளில் இது உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தது. பிறகு, உரிமம் பெறாமல் பயன்படுத்தியவர்களிடம் கட்டணம் கேட்டுக் கடிதங்கள் போயின. சில கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இதழில் படிக்கக் கிடைக்கிறது என்பதாலேயே ஓர் அளவுகோல் இலவசமாகிவிடாது. இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9ஐ அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமையாளர்களே அறிவித்திருக்கிறார்கள்.

மதுரையில் எம்.பார்ம். அல்லது எம்.எஸ்சி. நர்சிங் மாணவர் ஒருவர் நீரிழிவு நோயாளிகளிடம் மருந்து ஒழுங்கை அளக்கப் போகிறார் என்று கொள்ளலாம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அனுமதி வேலையைத் தொடங்க வேண்டும். உரிமை உருவாக்கியவரிடம் இருக்கிறதா, பதிப்பகத்திடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆய்வின் தலைப்பு, வழிகாட்டியின் பெயர், எத்தனை பேரிடம் கேட்கப் போகிறார், அச்சிலா இணையத்திலா, எந்த மொழியில், வணிக நோக்கம் உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் எழுத வேண்டும். தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்று அதிலேயே கேட்டுவிடலாம். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீனியர் ஒருவர் வாங்கிய அனுமதி அவருடைய ஆய்வுக்கு மட்டுமே. அனுமதி கிடைத்தபின், உரிமம் இடம் தராவிட்டால் பின்னிணைப்பில் கேள்விகளைப் போடாமல் அனுமதிக் கடிதத்தை மட்டும் வைக்க வேண்டும்.

மேற்கோள் காட்டும்போது அளவுகோலை முதலில் எடுத்தாண்ட வேறொரு ஆய்வேட்டைச் சுட்டினால் போதாது. உருவாக்கிய மூலக் கட்டுரை, தமிழ் வடிவத்தைச் சரிபார்த்த கட்டுரை, பயன்படுத்திய பதிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் துளசிராஜ் உள்ளிட்ட குழு 2005இல் வெளியிட்ட இந்தியப் பார்வைச் செயல்பாட்டு வினாத்தாளைப் பயன்படுத்துவோர் அந்தக் கட்டுரையையே காட்ட வேண்டும். மூலக் கட்டுரையின் இன்றைய நிலையையும் பார்த்துக்கொள்வது அவசியம். மொரிஸ்கியின் 2008 கட்டுரையை இதழே 2023இல் திரும்பப் பெற்றது. அதனால் அளவுகோலின் மீதான உரிமை போய்விடாது. ஆனால் அதன் நம்பகத்துக்கு அந்தக் கட்டுரையை இனி ஆதாரமாக்க முடியாது.

மதிப்பெண் விதியில் பிசகு நுழைவது எளிது. மொரிஸ்கி அளவுகோலில் முதல் ஏழும் ஆம்–இல்லை கேள்விகள். 'இல்லை' என்றால் ஒரு மதிப்பெண். ஐந்தாவதில் மட்டும் 'ஆம்' என்றால் ஒன்று. எட்டாவதில் கிடைக்கும் 0 முதல் 4 வரையிலான எண்ணை நான்கால் வகுக்க வேண்டும். மொத்தம் 8 என்றால் உயர்ந்த ஒழுங்கு, 6 முதல் 8க்குள் நடுத்தரம், 6க்குக் கீழ் குறைவு. ஒரு நாளும் மருந்தைத் தவறவிடாதவருக்கு 8 வர வேண்டும். ஐந்தாவது கேள்வியைத் திருப்ப மறந்தால் அவருக்கு 7தான் வரும், நடுத்தரத்துக்கு இறங்கிவிடுவார். எட்டாவதை வகுக்க மறந்தால் 11 வரும். அட்டவணையில் ஒருவருக்குக்கூட 8 இல்லை, ஐந்தாவது கேள்வி மற்றவற்றோடு எதிர்த்திசையில் போகிறது, மொத்தம் உச்சத்தைத் தாண்டுகிறது என்பவை பிழையின் அடையாளங்கள். மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இதைத் திருத்த வழியில்லை. ஒவ்வொரு கேள்விக்குமான விடையைத் தனித்தனிக் கட்டத்தில் பதிந்து வைத்திருந்தால் மறுபடி கணக்கிட்டுவிடலாம்.

அனுமதி இல்லாமல் தரவு சேகரித்து முடித்துவிட்டால், வழிகாட்டியிடமும் நெறிமுறைக் குழுவிடமும் சொல்லிவிட்டு, உரிமையாளரிடம் பின்னோக்கிய உரிமம் கேட்கலாம். கட்டணம் கட்ட இயலாவிட்டால் அந்தப் பகுதியை விலக்கிவிட்டு, இலவசமான வேறொரு கருவியால் மறுபடி அளக்க வேண்டியிருக்கும். கட்டுரை வெளிவந்திருந்தால் இதழுக்குத் தாமே எழுத வேண்டும்: மதிப்பெண் பிழைக்குத் திருத்தக் குறிப்பு போதலாம், முடிவே மாறினால் கட்டுரையைத் திரும்பப் பெற நேரும். தெரிந்தே உரிமையை மீறுவது சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி குற்றம்.