வெள்ளி ரூபாயாகும் இடத்தில் எவ்வளவு கழிகிறது?

பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனோ மருமகனோ மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் வர 2023 பிப்ரவரி 21 அன்று புதிய வழி ஒன்று திறந்தது. நம் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் அன்று இணைக்கப்பட்டன. அங்கே டிபிஎஸ் வங்கியின் செயலியிலிருந்து அம்மாவின் யுபிஐ முகவரிக்கு நேராக அனுப்பலாம்.

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. விடுமுறை நாளானாலும் நள்ளிரவானாலும் பணம் சில நொடிகளில் கணக்கில் ஏறிவிடும். ஆனால் அம்மாவின் வங்கி இந்த இணைப்பில் இருந்தால்தான் இது நடக்கும். தொடக்கத்தில் ஆறு இந்திய வங்கிகளே இருந்தன. 2025 ஜூலையில் 13 வங்கிகள் சேர்ந்து எண்ணிக்கை 19 ஆனது. ஒரு நாளைக்குச் சுமார் 1,000 வெள்ளி என்ற வரம்போடுதான் சேவை தொடங்கியது. ஆகவே வீடு கட்ட மொத்தமாக அனுப்ப நினைப்பவருக்கு இது உதவாது.

கவனமாகப் பார்க்க வேண்டியது மாற்று விகிதத்தை. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் சேவைகளும் சந்தை விகிதத்தைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுத்து, அந்த வித்தியாசத்தில் சம்பாதிக்கின்றன. சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் சேவை கட்டணம் வாங்காமல் 64.60 ரூபாய் தருகிறது. இரண்டாவது சேவை 4 வெள்ளி கட்டணம் பிடித்துக்கொண்டு 64.95 தருகிறது. 500 வெள்ளி அனுப்பினால் முதலாவதில் 32,300 ரூபாயும் இரண்டாவதில் 32,215 ரூபாயும் வீடு சேரும். 1,000 வெள்ளி அனுப்பினால் கணக்கு தலைகீழாகிறது: முதலாவதில் 64,600, இரண்டாவதில் 64,690. நிலையான கட்டணம் தொகை கூடக்கூடச் சுமையாகத் தெரியாது. விகிதக் குறைப்போ தொகையோடு சேர்ந்து வளரும். அதனால் கட்டணத்தையும் விகிதத்தையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறந்து, கடைசியில் எத்தனை ரூபாய் சேரும் என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

உதவி கேட்பதில்தான் சிக்கல். அனுப்பிய வங்கி சிங்கப்பூரில், பெற்ற வங்கி பெங்களூரில். பணம் வரவில்லையென்றால் முதலில் அனுப்பியவர்தான் தன் வங்கியில் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் தர வேண்டும். பணம் இந்திய வங்கிக்குப் போய்விட்டது என்று அங்கே உறுதியானால், அதே எண்ணோடு அம்மா தன் கிளையில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். தகவலுக்கு 14448.

மாதச் செலவுக்குச் சில நூறு வெள்ளி அனுப்புபவருக்கு இந்த இணைப்பு நல்ல வழி. ஆனால் முதல் முறை சிறு தொகையை அனுப்பி, திரையில் அம்மாவின் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் மீதியை அனுப்புங்கள்.